ஒட்டிய வினைல் பலகைகளை ஸ்கிரீட் பெயராமல் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

மடிப்பாக்கத்தில் என் மாமா வீட்டின் தரைத்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு படுக்கையறை. குளியலறைக் கதவை ஒட்டி வினைல் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொள்ளவே, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று ஒரு தச்சரை அழைத்திருந்தார். அவர் அகல உளியை விட்டு நெம்பிய முதல் பலகையோடு உள்ளங்கை அளவு சிமெண்டும் சேர்ந்து வந்தது. அதோடு வேலையை நிறுத்திவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டார்.

மீதி அறையை நானும் மாமா மகனும் இரண்டு நாளில் முடித்தோம். அதன் பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் மற்றவர்கள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லோரும் இடறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அந்த இடங்களில் மட்டும் இந்த வழிகாட்டி கொஞ்சம் விரிவாகப் பேசும்.

1. உங்கள் தரை எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

வினைல் தரை இரண்டு வகை. ஒன்று, பலகைகள் ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டி, கீழே பசை இல்லாமல் மிதப்பது. இதற்குச் சூடு தேவையில்லை. சுவரோரத்துப் பலகையைத் தூக்கினால் வரிசையாகக் கழன்று வரும். மற்றொன்று, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமனில், முழுப் பின்புறமும் பசையால் ஒட்டப்பட்டது. கதவோரத்தில் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இங்கே சொல்லப்போவது இரண்டாம் வகையைப் பற்றி.

ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடத்தில், ஒன்பது அல்லது பன்னிரண்டு அங்குலச் சதுரமாக, வளைத்தால் உடையும் கெட்டியான ஓடுகளாக, கீழே தார் போன்ற கறுப்புப் பசையோடு இருந்தால் கை வைக்க வேண்டாம். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சுரண்டினாலோ உடைத்தாலோ அதன் நார்த்தூசு காற்றில் கலக்கும். ஆய்வகத்தில் சோதித்த பிறகே மற்றதை யோசிக்க வேண்டும்.

பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கான்கிரீட்டின் மேல் சிமெண்டும் மணலும் கலந்து சமன்செய்த அடுக்குதான் ஸ்கிரீட். சில வீடுகளில் அதற்கும் மேலே, தானாகப் பரவிச் சமனாகும் கலவையை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஊற்றியிருப்பார்கள். அது வழவழப்பாக, வேறு சாம்பல் நிறத்தில் இருக்கும். ஸ்கிரீடை விட அது எளிதாகப் பெயரும் என்பதால், அப்படி ஒன்று இருந்தால் நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

2. தேவையானவை

ஹீட் கன் ஒன்று. வெப்பத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதாக இருந்தால் நல்லது. பெயிண்டர்கள் பட்டி பார்க்கப் பயன்படுத்தும் தகட்டில் மூன்றங்குல அகலத்தில் வளையும் தகடு ஒன்று, நான்கங்குலத்தில் விறைப்பான தகடு ஒன்று. கட்டர் கத்தி, மெல்லிய அரம், தடித்த தோல் கையுறை, முழங்காலுக்குக் கீழே போட ஒரு மெத்தை, வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழந்துணி.

ஹேர் டிரையர் போதுமா என்று கேட்கிறார்கள். பத்துப் பலகைக்குப் போதும். ஓர் அறைக்குப் போதாது, பொறுமையும் தீரும், டிரையரும் தீரும்.

வாங்க வேண்டாதவை: கடப்பாரை, சுத்தியலும் உளியும், கிரைண்டர். முதல் மூன்றும் ஸ்கிரீடை உடைக்கும். கிரைண்டர் பசையை உருக்கித் தரையெங்கும் தேய்த்துவிடும். பசை இல்லாத இடத்தில் சிமெண்டைத் தூசாக்கும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

3. தகட்டின் மூலைகளை உருட்டுங்கள்

இந்த ஐந்து நிமிட வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. புதுத் தகட்டின் இரண்டு மூலைகளும் கூராக இருக்கும். கை சற்றுச் சாய்ந்தால் அந்த மூலைதான் ஸ்கிரீடில் கோடு கிழிக்கும். மாமா வீட்டுத் தரையில் இருக்கும் நீளக் கீறல்கள் எல்லாம் முதல் அரைமணி நேரத்தில் நான் இப்படிப் போட்டவைதான்.

அரத்தை எடுத்து இரண்டு மூலைகளையும் ஓர் அரிசியின் முனை அளவுக்கு வளைவாக உருட்டுங்கள். விளிம்பு மட்டும் கூராகவே இருக்கட்டும். விளிம்பு மழுங்கினால் கை தானாகவே அதிகமாக அழுத்தும், அழுத்தம் கூடினால் தகடு தரைக்குள் இறங்கும். பத்துப் பன்னிரண்டு பலகைக்கு ஒருமுறை விளிம்பைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருந்தால், கெட்டியான ஸ்கிரீடில் தட்டையான பக்கம் கீழே இருக்க வேண்டும். ஸ்கிரீட் பொடியும் வகை என்றால் சரிவைக் கீழே திருப்புங்கள். அப்போது தகடு தரையைத் தோண்டாமல் மேலே ஏறிக்கொள்ளும்.

4. அறையையும் மின்சாரத்தையும் தயார் செய்யுங்கள்

சாமான்களை வெளியேற்றுங்கள். பலகைகளின் ஓரம் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே போயிருந்தால் முதலில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்ற வேண்டும். அதன் மேல்விளிம்பில் இருக்கும் பெயிண்டைக் கட்டரால் கீறிவிட்டுக் கழற்றினால் சுவர்ப்பூச்சு உரிந்து வராது. டைல் ஸ்கர்ட்டிங் என்றால் அப்படியே விட்டுவிட்டு, பலகையை அதன் ஓரத்தில் கத்தியால் வெட்டிக்கொள்ளலாம்.

ஹீட் கன் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். நம் வீடுகளில் மின்விசிறிக்கும் செல்பேசிக்கும் உள்ள சிறிய 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஏசி அல்லது கீசருக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள். மெல்லிய நீட்டிப்பு வயரை நம்ப வேண்டாம். இரண்டாவதாக நான் பார்த்த வீட்டில் பிளக் உருகிச் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது.

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கன்னைக் கீழே வைப்பதற்கென்று ஒரு டைல் துண்டை ஒதுக்குங்கள். அணைத்த பிறகும் அதன் மூக்கு சில நிமிடம் சுடும்.

5. ஒரு பலகையில் சோதித்துப் பாருங்கள்

அலமாரி மறைக்கும் மூலையில் ஒரே ஒரு பலகையை முதலில் எடுங்கள் (எடுக்கும் முறை ஏழாம், எட்டாம் படிகளில் இருக்கிறது). இதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பசை எந்த வகை, எவ்வளவு நேரச் சூட்டில் இளகுகிறது, ஸ்கிரீட் எவ்வளவு உறுதி.

வெளிறிய, ஒளி ஊடுருவும், விரலில் பிசுபிசுக்கும் பசை என்றால் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பசை. சூட்டுக்கும் வெந்நீருக்கும் நன்றாக இளகும். மஞ்சளோ பழுப்போ ஆகி, ரப்பர் போல நூல் நூலாக இழுத்தால் அது செருப்புக்கும் லேமினேட்டுக்கும் ஒட்டும் ரகம். சூட்டுக்கு இளகும், தண்ணீருக்கு மசியாது. சுண்ணாம்பு போலக் கெட்டியாக, உடையும் பசை என்றால் சூட்டால் பயன் குறைவு.

பலகை வந்த இடத்தில் ஓர் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கீறுங்கள். வெண்மையான மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் ஸ்கிரீட் உறுதியானது. கோடுகள் சந்திக்கும் இடத்தில் மணல் உதிர்ந்து குழி விழுந்தால் அது பலவீனமானது. அப்படிப்பட்ட தரையில் எட்டாம் படியில் சொல்லும் வேகத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

6. கதவுக்கு எதிர்ச் சுவரில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் தொடங்கவே கை வரும். ஆனால் அறையின் நடுவில் தொடங்கினால் சீக்கிரமே பசைத்தரையில் முட்டி போட வேண்டியிருக்கும். பசையில் ஒட்டிய குப்பையை எடுப்பது தனி வேலை.

எதிர்ச் சுவரில் தொடங்கிக் கதவை நோக்கி வந்தால், எப்போதும் இன்னும் எடுக்காத பலகையின் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள். பலகைகளைச் செங்கல் கட்டு போல மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு வரிசையின் முனையிலும் வெட்டிய சிறு துண்டு ஒன்று இருக்கும். வரிசையை அந்தச் சிறு துண்டிலிருந்து தொடங்குங்கள். துண்டு சிறிதானால் முழுதாகச் சூடேற்றலாம், முதல் பிடி எளிதில் கிடைக்கும்.

7. சூடு: பசைக்கு, பலகைக்கு அல்ல

வினைல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேற்புறம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அடியில் பசை இன்னும் குளிர்ந்தே இருக்கும். இது புரியாததால்தான் பலரும் கன்னை நெருக்கிப் பிடித்துப் பலகையைக் கருக்குகிறார்கள். வெப்பத்தைக் கூட்டுவதால் பயனில்லை, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

கன்னைக் குறைந்த நிலையில் வையுங்கள். இரண்டே நிலை உள்ள கருவிகள் பலவற்றில் குறைந்த நிலையிலேயே மூக்கில் 300 டிகிரியை ஒட்டிக் காற்று வரும். அதனால் தூரம்தான் உங்கள் கட்டுப்பாடு. ஆறு முதல் எட்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, ஓர் அடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல நிற்காமல் முன்னும் பின்னும் வீசுங்கள். இரண்டு மில்லிமீட்டர் பலகைக்கு நாற்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் ஆகும். பிறகு கன்னை விலக்கிவிட்டு இருபது விநாடி சும்மா இருங்கள். மேலே தங்கிய சூடு பசைக்கு இறங்குவது இந்த இருபது விநாடியில்தான். புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போவதும் இதைத்தான்.

அளவு தெரிய உள்ளங்கை போதும். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைப் பலகையின் மேல் வையுங்கள். இரண்டு மூன்று விநாடி தாங்க முடிந்து, பிறகு எடுத்துவிடத் தோன்ற வேண்டும். அது ஏறக்குறைய 60 டிகிரி. வைத்த கணமே சுட்டால் அதிகம். பளபளப்பு மாறுவது, மேற்புறம் அலையலையாகச் சுருங்குவது, மூக்கைக் குத்தும் காரமான வாடை, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி அறையை விட்டு வெளியே போய்க் காற்றாடுங்கள். வினைல் என்பது பிவிசி. அது கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு.

பலகை எடுத்த வெறும் தரையில் கன்னைக் காட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஈரம் ஏறிய சிமெண்ட் ஒரே இடத்தில் திடீரென்று சூடேறினால் மேல்தோல் செதிலாக உதிரலாம்.

8. தூக்காதீர்கள், மடித்து உரியுங்கள்

வளையும் தகட்டைப் பலகை முனைக்கு அடியில், தரையோடு படுத்த கோணத்தில் செலுத்துங்கள். தகட்டின் கைப்பிடிக்கும் தரைக்கும் இடையே உங்கள் விரல்கள் நுழையும் அளவு இடைவெளி போதும். கைப்பிடி அதைவிட உயர்ந்தால் தகடு தோண்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு அங்குலம் பிரிந்ததும் தகட்டை விட்டுவிட்டுக் கையால் பிடியுங்கள்.

மாமா வீட்டுத் தச்சர் செய்த பிழை இங்கேதான். அவர் பலகையை நேராக மேலே இழுத்தார். சிமெண்ட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், மேல்நோக்கி இழுத்தால் எளிதில் பிளக்கும். நேராக மேலே இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் ஸ்கிரீடின் மேல்தோலுக்குப் போகிறது. பசை அதைவிட வலுவாக இருந்தால் தோற்பது ஸ்கிரீட்தான்.

அதனால் பலகையை அதன் மேலேயே பின்னால் மடித்து, பாயைச் சுருட்டுவது போலத் தரையோடு தரையாக இழுங்கள். அப்போது ஒரு நேரத்தில் மடிப்புக் கோட்டில் இருக்கும் பசை மட்டுமே பிரிகிறது. நேராகத் தூக்குவதற்குத் தேவைப்படும் விசையில் ஏறக்குறைய பாதி போதும். வெதுவெதுப்பான வினைல் உடையாமல் மடியும். மடிப்பில் விறைத்து நின்றால் அதற்குச் சூடு போதவில்லை.

வேகமும் முக்கியம். இளகிய பசை மெதுவாக இழுத்தால் நூலாக நீண்டு விடும், வெடுக்கென்று இழுத்தால் கெட்டியாகி நிற்கும். ஒரு விநாடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சரியாக வரும்போது காயத்தில் ஒட்டிய பழைய பிளாஸ்டர் உரிவது போல மெல்லிய, தொடர்ந்த ஒலி வரும். ‘டப்’ என்று விட்டுவிட்டு ஒலித்தால் சிமெண்ட் பெயர்கிறது. அங்கேயே நின்று மறுபடியும் சூடேற்றுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இழுக்க, மற்றவர் மடிப்புக்கு ஓர் அடி முன்னால் கன்னை வீசிக்கொண்டே வரலாம். கன்னை இழுப்பவரின் கைக்கு எதிர்த் திசையில் காட்ட வேண்டும் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது அங்குல அகலப் பலகை ஒரே மடிப்பில் வர மறுக்கும். அதை நீளவாக்கில் இரண்டாகக் கீறிக்கொள்ளலாம். கட்டர் அலகைப் பலகையின் தடிமன் அளவுக்கு மட்டும் வெளியே நீட்டுங்கள், அதற்கு மேல் நீட்டினால் கீறல் ஸ்கிரீடில் விழும்.

எங்கள் அறையில் ஆறு அங்குல அகலம், மூன்றடி நீளத்தில் எண்பது பலகை. முதல் பத்துப் பலகைக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கை பழகிய பிறகு ஒன்றுக்கு நான்கு நிமிடம்.

9. ஒவ்வொரு பலகையின் பின்புறத்தையும் பாருங்கள்

எடுத்த பலகையை மூலையில் வீசுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். தரையில் என்ன நடக்கிறது என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

பசை மட்டும் இருந்தால் எல்லாம் சரி. விரலால் துடைத்தால் போகும் சாம்பல் தூசு ஒட்டியிருந்தாலும் கவலை இல்லை. அது ஸ்கிரீடை மட்டம் செய்தபோது மேலே மிதந்து வந்த பலவீனமான சிமெண்ட் பால், போவதே நல்லது. ஆனால் தனித்தனி மணல் துகள் கண்ணுக்குத் தெரிந்தால் ஸ்கிரீடின் உடலே வருகிறது. அடுத்த பலகைக்குக் காத்திருக்கும் நேரத்தை இருபதிலிருந்து நாற்பது விநாடியாக்குங்கள், இழுப்பதைப் பாதி வேகமாக்குங்கள். நகத்தளவு சில்லுகள் வந்தால் இழுப்பதையே விட்டுவிடுங்கள். அங்குலம் அங்குலமாகச் சூடேற்றி, தகட்டை மடிப்புக்குள் படுக்க வைத்துப் பசையை அறுத்துக்கொண்டே போக வேண்டும்.

குளியலறைக் கதவை நெருங்கியபோது எங்களுக்கு மாற்றம் தெரிந்தது. பலகைகள் சூடே இல்லாமல் கழன்றன. பின்புறம் பசை வெள்ளையாகக் கூழாகி, புளித்த வாடை அடித்தது. ஓரம் தூக்கியதற்குக் காரணம் கீழிருந்து வந்த ஈரம் என்பது அப்போதுதான் மாமாவுக்குப் புரிந்தது.

10. மிஞ்சிய பசையை எடுங்கள்

பலகைக்கு உதவிய சூடு இங்கே பகையாகும். வெறும் பசையைச் சூடேற்றினால் அது தேனாகித் தகட்டில் ஒட்டி, தரையில் பரவும். பலகை எடுத்த உடனே, தரை வெதுவெதுப்பாக இருக்கும்போது, விறைப்பான தகட்டால் தடித்த பசையை மட்டும் ஒரே திசையில் சுரண்டுங்கள். மீதியை அடுத்த நாளைக்கு விடுங்கள்.

அக்ரிலிக் பசை என்றால் வெந்நீரில் சிறிது சோப்புக் கலந்து, பிழிந்த ஈரத்துணியை இரண்டு சதுர அடிக்கு விரித்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். பசை வெளுத்துக் கூழானதும் தகட்டால் தள்ளி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஸ்கிரீட் குடித்த நீர் வெளியேற நாள் பிடிக்கும். ஜிப்சம் சார்ந்த ஸ்கிரீட் என்றால் தண்ணீரே கூடாது, அது இளகிவிடும். ரப்பர் ரகப் பசையை விரலால் உருட்டினால் உருண்டையாகத் திரளும். அதை உலர்ந்த நிலையிலேயே பொறுமையாகச் சுரண்ட வேண்டும்.

தின்னரோ பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஹீட் கன் இருக்கும் அறையில் அது தீ விபத்துக்கு அழைப்பு. தீப்பிடிக்காமல் தப்பினாலும், கரைந்த பசை ஸ்கிரீடின் துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு மேலே எதை ஒட்டினாலும் நிற்காது.

எல்லாப் பசையும் போக வேண்டுமா என்பது அடுத்து என்ன போடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே மிதக்கும் தரை வருவதானால், மேடில்லாமல் மெல்லிய படலம் மிஞ்சினாலும் பாதகமில்லை. பிசுபிசுப்பு அடங்க நுண்மணலைத் தூவிப் பெருக்கிவிடலாம். டைல் பதிக்கவோ மீண்டும் ஒட்டவோ போகிறீர்கள் என்றால் சிமெண்டின் நிறம் தெரியும் வரை எடுக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பசை இன்னும் இருக்கிறது, உறிஞ்சிக் கறுத்தால் போதும்.

11. குழிகளும் ஈரமும்

கீறல்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பெயர்ந்த குழிகளில் தளர்ந்த விளிம்பைத் தட்டி உதிர்த்து, தூசை எடுத்து, லேசாக ஈரப்படுத்தி, பாலிமர் கலந்த பழுதுபார்க்கும் கலவையால் நிரப்பி மட்டம் செய்யுங்கள். வெறும் சிமெண்ட் பாலை மெல்லிய படலமாகத் தடவினால் அது காய்ந்ததும் பிளந்து உரிந்துவிடும். தச்சர் எடுத்த அந்த உள்ளங்கைக் குழிதான் மாமா அறையில் நிரப்ப வேண்டியிருந்த பெரிய குழி. எங்கள் கணக்கில் நகத்தளவில் ஏழெட்டு.

தரைத்தளம் என்றால் அடுத்த தரையைப் போடுவதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள். பதினெட்டு அங்குலச் சதுரமான தடித்த பாலித்தீன் தாளை, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கறுத்த சதுரமோ இருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது.

மாமா அறையில் மூன்று தாள் ஒட்டினோம். ஜன்னலடியிலும் நடுவிலும் காய்ந்திருந்தன. குளியலறைக் கதவருகே ஒட்டிய தாளின் அடியில் வியர்த்திருந்தது. இப்போது பிளம்பர் அந்தச் சுவரைத் திறந்து வைத்திருக்கிறார். தரை வெறும் சிமெண்டாகக் காத்திருக்கிறது.